மாதம் 75,000 என்று நினைத்தீர்கள், கைக்கு வருவது 55,500

கேள்வி: கோவையில் மாதம் ரூ. 45,000 கையில் கிடைக்கும் வேலையில் இருக்கிறேன். சென்னை நிறுவனம் ஒன்று ஆண்டுக்கு ரூ. 9 லட்சம் சிடிசி என்று ஆஃபர் லெட்டர் அனுப்பியிருக்கிறது. சம்பளப் பிரிப்புத் தாளும் இருக்கிறது. ஜூன் 9-ல் சேர வேண்டும் என்று கடிதம் சொல்கிறது. எனக்கு இங்கே 60 நாள் நோட்டீஸ், ஏப்ரல் 15-ல் ராஜினாமா கொடுக்கலாம் என்றிருக்கிறேன். "தேதியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் சம்மதம் சொல்லுங்கள்" என்கிறார் எச்.ஆர். வண்டிக் கடனுக்கு மாதம் 5-ஆம் தேதி தவணை போகிறது. எப்படிப் பதில் எழுதுவது?

பதில்: தேதியைப் பிறகு பார்க்க முடியாது. ஏப்ரல் 15-ஐ முதல் நாளாகக் கொண்டால் 60-வது நாள் ஜூன் 13. புதிய இடத்தில் 9-ஆம் தேதியே சேர்ந்தால் ஐந்து நாள் இரண்டு நிறுவனங்களிலும் வேலை பார்த்ததாக உங்கள் பி.எஃப். கணக்கில் பதிவாகும். பின்னணிச் சரிபார்ப்பில் கேள்வி எழுவதும், பழைய பி.எஃப். தொகையை மாற்றும்போது சிக்கல் வருவதும் பெரும்பாலும் இந்த ஒட்டலால்தான். எனவே ஜூன் 15 என்று கேளுங்கள். திருத்திய தேதியுடன் கடிதமோ மின்னஞ்சலோ வந்த பிறகு ராஜினாமா கொடுங்கள். தொலைபேசியில் சொன்ன வாக்கை நம்பி ராஜினாமா கொடுத்துவிட்டு, இரண்டு வேலையும் இல்லாமல் வந்து உட்கார்ந்தவர்களை என் மேசைக்கு எதிரே பார்த்திருக்கிறேன்.

இனி சம்பளம். 9 லட்சத்தைப் பன்னிரண்டால் வகுத்து 75,000 என்று வீட்டில் சொல்லியிருந்தால், இப்போதே திருத்திச் சொல்லிவிடுங்கள். உங்கள் தாளில் அடிப்படைச் சம்பளம் மாதம் 37,500. அதில் 12 சதவீதமான 4,500 நிறுவனம் கட்டும் பி.எஃப்.; ஆண்டுக்கு 54,000. கிராஜுவிட்டிக்கு ஏறத்தாழ 21,600, மருத்துவக் காப்பீட்டுக்கு 12,000, செயல்திறன் ஊதியம் 90,000. இந்த நான்கும் 9 லட்சத்துக்குள்ளேயே அடங்கியவை. மாதாமாதம் உங்கள் கைக்கு வராதவை. கழித்தால் 7,22,400, அதாவது மாதம் 60,200. அதிலிருந்து உங்கள் பங்கு பி.எஃப். 4,500-ம், தொழில் வரிக்காக மாதக் கணக்கில் சுமார் 200-ம் போனால் மிஞ்சுவது 55,500. புதிய வரி முறையில் இந்த அளவு வருமானத்துக்கு வருமான வரி பிடிக்க வேண்டியிருக்காது.

ஆக, உயர்வு 30,000 அல்ல, 10,500. சென்னை வாடகையும் வீட்டு அட்வான்சும் இதற்குள்தான். மோசமான சம்பளம் என்று சொல்லவில்லை. தெரிந்து சம்மதியுங்கள் என்கிறேன். அந்த 90,000-ஐ மட்டும் துருவிக் கேளுங்கள்: ஆண்டு முடிவில் கட்டாயம் கிடைப்பதா, அதிகபட்சம் இவ்வளவு என்பதா, பாதி ஆண்டில் சேர்ந்தவருக்கு எப்படிக் கணக்கு?

சம்பளக் கணக்கை எந்தத் தேதியில் முடிக்கிறார்கள் என்பதையும் கேளுங்கள். 20-ஆம் தேதி முடிப்பவர்கள் என்றால், 15-ல் சேர்ந்தவருக்கு ஜூன் கடைசியில் 16 நாள் சம்பளமாக ஏறத்தாழ 29,600 வரும். 10-ஆம் தேதியே முடித்துவிடும் நிறுவனம் என்றால், அது ஜூலை சம்பளத்தோடு சேர்ந்துதான் வரும். பழைய நிறுவனம் கடைசி நாட்களின் சம்பளத்தை இறுதிக் கணக்கு முடியும்வரை நிறுத்திவைப்பதும் சகஜம். ஜூலை 5-ஆம் தேதித் தவணைக்கும் அட்வான்சுக்கும் வேண்டிய பணத்தை மே மாதச் சம்பளத்திலேயே ஒதுக்கிவிடுங்கள்.

பதிலை ஆங்கிலத்தில்தான் அனுப்புவீர்கள். சாரம் இப்படி இருக்கட்டும்:

"தங்கள் ஆஃபர் லெட்டரில் குறிப்பிட்ட பதவியையும், இணைப்பில் உள்ளபடி ஆண்டுக்கு ரூ. 9,00,000 ஊதியத்தையும் ஏற்கிறேன். தற்போதைய நிறுவனத்தில் என் கடைசி வேலை நாள் ஜூன் 13 என்பதால் ஜூன் 15 அன்று சேர்கிறேன். இத்தேதியை உறுதிசெய்து பதில் அனுப்பியதும் ராஜினாமா அளிப்பேன். முதல் நாள் கொண்டுவர வேண்டிய ஆவணங்களின் பட்டியலையும், ரிலீவிங் லெட்டர் தாமதமானால் ராஜினாமா ஏற்பு மின்னஞ்சல் போதுமா என்பதையும் தெரிவிக்கவும்."

அந்தக் கடைசிக் கேள்வி முக்கியம். 13-ஆம் தேதி மாலையே ரிலீவிங் லெட்டரைக் கையில் தரும் நிறுவனங்கள் குறைவு.

மற்றபடி ஆதார், பான், கல்விச் சான்றிதழ்கள், கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, ரத்து செய்த காசோலை, புகைப்படம் என்று வழக்கமானவற்றைத்தான் கேட்பார்கள். உங்கள் 12 இலக்க யு.ஏ.என். எண்ணை மறக்காமல் கொடுங்கள். கொடுக்காவிட்டால் புதிதாக இன்னொன்று திறந்து, பழைய பி.எஃப். தனியே கிடக்கும். ஏப்ரல் முதல் ஜூன் வரை பழைய இடத்தில் வாங்கிய சம்பள விவரத்தையும் ஒப்படையுங்கள். அசல் சான்றிதழ்களைக் காட்டுங்கள், நகலைக் கொடுங்கள். "அசல் எங்களிடமே இருக்கட்டும்" என்றால் கையெழுத்துப் போடாமல் எனக்கு எழுதுங்கள்.