கேள்வி சுலபமானால் தோற்றுவிட்டோம் என்று அர்த்தமா?

"டுவோலிங்கோ ஆங்கிலத் தேர்வு எழுதப் போகிறேன். மாதிரித் தேர்வில் நடுவில் திடீரென்று கேள்வி ரொம்ப சுலபமாகிவிட்டது. தப்பாகப் போட்டுவிட்டோம் போல என்று பயந்து மீதியைச் சொதப்பிவிட்டேன். கோச்சிங்கில் முதல் பத்துக் கேள்வியை நிதானமாகப் போடு, அப்புறம் வேகமாக முடி என்கிறார்கள். அப்படித்தான் செய்ய வேண்டுமா?"
— ஒரு வாசகி, குடியாத்தம்

வேண்டாம். இந்தத் தேர்வில் அநேகமாக ஒவ்வொரு கேள்விக்கும் தனித்தனிக் கடிகாரம் ஓடுகிறது. ஒரு கேள்வியில் பத்து விநாடி மிச்சம் பிடித்தால் அது அடுத்த கேள்விக்கு வந்து சேராது, அங்கேயே போய்விடும். பின்னால் நேரம் வேண்டும் என்று முன்னால் அவசரப்படுவதிலும், முன்னால் நிறைய நேரம் எடுத்தாயிற்றே என்று பின்னால் பறப்பதிலும் ஒரு லாபமும் இல்லை. கோச்சிங்கில் சொன்ன கணக்கு ஒரே கடிகாரம் ஓடும் பழைய தேர்வுகளுக்கு உரியது.

சுலபமான கேள்வி ஏன் வந்தது என்பதற்கு நேதாஜி மார்க்கெட்டில் தராசு பிடிப்பவரை நினைத்துக்கொள்ளுங்கள். பொருளின் எடை தெரியாதபோது அவர் முதலில் ஒரு கிலோ கல்லை வைக்கிறார். கல் பக்கம் தாழ்ந்தால் எடுத்துவிட்டு அரைக் கிலோ வைக்கிறார். பிறகு கால் கிலோ, நூறு கிராம் என்று சின்னக் கற்களாக மாற்றி மாற்றி வைத்து முள்ளை நடுவுக்குக் கொண்டுவருகிறார். கணினியும் இதைத்தான் செய்கிறது. அதனிடம் உள்ள கேள்விகளுக்கு முன்கூட்டியே கடின அளவு குறித்து வைத்திருக்கிறார்கள். நீங்கள் சரியாகச் சொன்னால் கொஞ்சம் கனமான கேள்வி வரும், தவறினால் கொஞ்சம் லேசானது வரும். உங்கள் தரத்துக்கு மிக நெருக்கமான கேள்வி எது? நீங்கள் சரியாகச் சொல்லவும் தவறாகச் சொல்லவும் ஏறக்குறைய சம வாய்ப்புள்ள கேள்விதான். அதனால் நன்றாக எழுதுகிறவர்களுக்கும் பாதி தப்பாகப் போனது போலவே இருக்கும். பள்ளியில் முதல் மாணவியாக இருந்த பிள்ளைகளுக்குத்தான் இது பெரிய அதிர்ச்சி.

ஆக, லேசான ஒரு கேள்வி வந்தது என்றால் கல்லை மாற்றி வைத்துப் பார்க்கிறது என்றுதான் பொருள். ஒரு கல்லை வைத்து யாரும் எடை சொல்லிவிடுவதில்லை. தவிரவும், கேள்வியின் வகை மாறும்போது சுலபம் கடினம் என்ற உங்கள் உணர்வே மாறிவிடும். கேட்டு எழுதுவதில் தடுமாறுகிறவருக்கு அடுத்து வரும் வாசிப்புக் கேள்வி சுலபமாகத் தெரியும்; கேள்வியின் கடினம் குறைந்திருக்கவே தேவையில்லை. திரையைப் பார்த்து மதிப்பெண் கணக்குப் போடும் வேலையை விட்டுவிடுங்கள். அதனால்தான் உங்கள் மீதிக் கேள்விகள் கெட்டன.

எப்படிக் கெடுகிறது என்று ஒரு கற்பனைக் கணக்கில் காட்டுகிறேன். இந்தத் தேர்வின் மதிப்பெண் 10 முதல் 160 வரை. உங்கள் உண்மையான தரம் 115 என்று வைத்துக்கொள்வோம். 115 கனமுள்ள கேள்வியைத் தவறவிட்டால் கணினிக்கு ஆச்சரியம் இல்லை, கொஞ்சம்தான் இறக்கும். பயந்துபோன நீங்கள் அடுத்து வரும் 105, 95 கனமுள்ள கேள்விகளையும் படிக்காமல் தட்டுகிறீர்கள். 95 கேள்வி நீங்கள் அநேகமாகச் சரியாகச் சொல்லியிருக்க வேண்டியது. அதைத் தவறினால், "இவரை அதிகமாக மதித்துவிட்டோம்" என்று கணக்கு நன்றாகவே இறங்கும். பயத்தில் தட்டினீர்களா, தெரியாமல் தட்டினீர்களா என்று அதற்குத் தெரியாது. கடினமான கேள்வியில் தோற்பதைவிட சுலபமான கேள்வியில் அவசரப்படுவதுதான் அதிக நஷ்டம். இது கடைசியில் நடந்தால், மறுபடி ஏறி வரக் கேள்விகளும் மிச்சம் இருக்காது.

எனவே ஒவ்வொரு கடிகாரத்தையும் தனியாகப் பழகுங்கள். உண்மையான ஆங்கிலச் சொல்லா இல்லையா என்று கேட்பதில் ஒரு சொல்லுக்கு 5 விநாடிதான். முதல் பார்வையில் தோன்றியதைச் சொல்லிவிட்டு நகருங்கள். வாக்கியத்தில் ஒரு சொல்லை நிரப்புவதற்கு 20 விநாடி. கேட்டு எழுதுவதற்கு ஒரு நிமிடம் தருகிறார்கள், மூன்று முறை கேட்கலாம். என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் ஒரு முறை கேட்டதுமே அனுப்பிவிடுகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். முதல் முறை கேட்டதை எழுதுங்கள், இரண்டாம் முறை விடுபட்டதை நிரப்புங்கள், மூன்றாம் முறை சொல் முடிவில் வரும் எஸ், ஈடி இரண்டையும் மட்டும் காது கொடுத்துக் கேளுங்கள். சொல்லில் விடுபட்ட எழுத்துகளை நிரப்பும் பத்திக்கு 3 நிமிடம். அங்கே முழுப் பத்தியையும் ஒருமுறை படித்துவிட்டுத் தொடங்குங்கள். அனுப்பிய கேள்விக்குத் திரும்பிப் போக வழியில்லை, அதை மனதிலும் தூக்கிக்கொண்டு போகாதீர்கள்.

"முதல் பகுதியில் நிதானம்" என்ற அறிவுரைக்குப் பொருந்தும் தேர்வு ஒன்று உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். டோஃபல் தேர்வில் 2026 ஜனவரி முதல் வாசிப்பும் கேட்டலும் இரண்டு கட்டங்களாக நடக்கின்றன. முதல் கட்டம் எல்லோருக்கும் நடுத்தரமாக இருக்கும். அதில் எப்படிச் செய்தீர்கள் என்று பார்த்து, இரண்டாம் கட்டத்தில் கனமான தொகுப்பா லேசான தொகுப்பா என்று முடிவாகும். அங்கே கேள்விக்குக் கேள்வி கல் மாறாது, ஒரே ஒரு முறைதான் மாறும். அதனால் முதல் கட்டத்தின் கடைசியில் நான்கைந்து கேள்வியைத் தொடாமல் விட்டால் தவறான பாதையில் போய்ச் சேருவீர்கள். வாசிப்பில் அந்தக் கட்டத்தின் நேரத்தை நீங்கள்தான் பிரித்துக்கொள்ள வேண்டும், ஒரு கேள்வியிலேயே உட்கார்ந்துவிடக் கூடாது. ஆனால் நீங்கள் எழுதப்போவது டோஃபல் இல்லை. "கணினி பாதியில் நின்றால் பாஸ்" என்று நர்ஸ் அக்காக்கள் சொல்வதும் அமெரிக்காவில் நர்ஸ் வேலைக்கான என்கிளெக்ஸ் தேர்வைப் பற்றிய பேச்சு. அது மொழித் தேர்வே இல்லை.

கடைசியாக ஒன்று, இதைச் சொல்லாமல் எனக்கு மனம் ஆறாது. காட்பாடியிலும் சத்துவாச்சாரியிலும் "போன வாரம் வந்த கேள்விகள்" என்று பிடிஎஃப் விற்கிறார்கள். பெரிய கேள்விக் கிடங்கிலிருந்து ஆளுக்கு ஆள் வேறு கேள்வி எடுத்துவைக்கும் தேர்வில், போன வாரம் இன்னொருவருக்கு வந்தது உங்களுக்கு எதற்கு? இன்னும் சிலர், உங்கள் லேப்டாப்பில் ஒரு மென்பொருளைப் போட்டு எங்கிருந்தோ பதில் எழுதித் தருவதாகச் சொல்கிறார்கள். தேர்வின் வீடியோவைப் பார்த்துத்தான் சான்றளிக்கிறார்கள். என்னிடம் வந்த ஒரு பையன் அப்படி ஏஜென்டிடம் முப்பதாயிரம் கொடுத்தான். தேர்வு செல்லாமல் போனது, ஏஜென்ட் போனை எடுக்கவில்லை. மாதிரித் தேர்வுக்குப் பணம் கேட்டாலும் கொடுக்காதீர்கள். டுவோலிங்கோ தளத்திலேயே இலவசமாக இருக்கிறது.

இந்த ஏஜென்டுகள் பிழைப்பதற்கு இடம் கொடுப்பது தேர்வு நடத்துகிறவர்கள்தான். டாலரில் கட்டணம் வாங்குகிறார்கள், எந்தக் கேள்வி தப்பு என்று சொல்வதில்லை. கேள்வி எப்படி மாறுகிறது என்பதை நம் பிள்ளைகளுக்குப் புரியும் மொழியில் நாலு வரி எழுதினால் என்ன குறைந்துவிடும்? கல்லூரிகளும் மதிப்பெண்ணை மட்டும் கேட்டுவிட்டுக் கையைக் கழுவிக்கொள்கின்றன.

இந்த வாரம் இலவச மாதிரித் தேர்வை மறுபடி ஒருமுறை எழுதுங்கள். எழுதும்போது, கேட்டு எழுதும் கேள்விகளில் மூன்று முறையும் கேட்டீர்களா என்பதை மட்டும் ஒரு தாளில் குறித்து வையுங்கள்.