முழு நைட் தோழர்களுக்குப் பலகையில் ஒரு விடைபெறும் கடிதம்

கேள்வி: "கோவைப் பக்கம் ஒரு நூற்பாலையில் ஜெனரல் ஷிப்டில் ரிங் பிரேம் பிட்டராக இருக்கிறேன். 31ஆம் தேதியோடு வேலையை விட்டு நிற்கிறேன். நான் எட்டரைக்கு உள்ளே போகும்போது முழு நைட்காரர்கள் வீட்டுக்குப் போயிருப்பார்கள். அவர்களுக்காக அறிவிப்புப் பலகையில் ஒரு கடிதம் ஒட்டலாமா? அதனால் என் செட்டில்மென்ட்டில் ஏதும் சிக்கல் வருமா?"

பதில்: ஒட்டலாம். ஆனால் பல ஆலைகளின் நிலையாணைகளில், அனுமதியின்றி எதையும் ஒட்டுவது ஒழுங்கீனமாகச் சேர்க்கப்பட்டிருப்பதால், எழுதிய தாளைப் பணியாளர் அலுவலகத்தில் காட்டி ஒரு கையொப்பம் வாங்கிய பிறகே ஒட்டுங்கள். அதற்கும் முன்னால், ராஜினாமாக் கடிதத்தைக் கொடுத்து அதன் நகலில் தேதியோடு ஒப்புதல் வாங்கியிருக்க வேண்டும். பலகைக் கடிதம் ராஜினாமா ஆகாது. இரண்டிலும் கடைசி வேலைநாள் ஒன்றாகவே இருக்கட்டும். தேதி வேறுபட்டால் கணக்கு முடிப்பதைத் தள்ளிப்போட அதையே காரணமாகக் காட்டுவார்கள்.

நுழைவாயில் அருகே இருக்கும் வேலைநேர அறிவிப்புகளை உங்கள் தாள் மறைக்கக் கூடாது. முழு நைட்காரர்கள் கைரேகை வைக்கும் இடத்தின் அருகே பலகை இருந்தால் அதுவே நல்லது. ஷிப்ட் வாரந்தோறும் மாறும் ஆலையானால், எல்லா அணியும் ஒரு முறையாவது முழு நைட் பார்த்து முடியும் வரை தாள் அங்கே இருக்க வேண்டும்.

எழுதும்போது பொதுவான நன்றியை நீட்ட வேண்டாம். இரவில் அவர்கள் செய்து, காலையில் உங்களுக்குப் பயன்பட்ட ஒரு வேலையைச் சொல்லுங்கள். இப்படி:

"முழு நைட் தோழர்களுக்கு வணக்கம். 31ஆம் தேதியோடு வேலையிலிருந்து விலகுகிறேன். உங்களில் பலரை எனக்கு ஷிப்ட் புத்தகத்தில் உள்ள கையெழுத்தாகத்தான் தெரியும். பதினொன்றாம் பிரேமில் டின் ரோலர் பேரிங் சூடாகிறது என்று இரவில் ஒருவர் எழுதி வைத்ததால், அது இறுகி நிற்பதற்குள் காலையில் மாற்ற முடிந்தது. அவருக்கும் உங்கள் எல்லோருக்கும் நன்றி. 30ஆம் தேதி காலையில், உங்கள் ஷிப்ட் விடும் நேரத்துக்கு முன்பே வந்து கேட்டருகே நிற்பேன்; முடிந்தவர்கள் பார்த்துவிட்டுப் போங்கள்."

இவ்வளவு போதும். எந்த இயந்திரத்தில் இன்னும் என்ன குறை இருக்கிறது என்பது ஷிப்ட் புத்தகத்துக்கும் மேற்பார்வையாளருக்கும் உரியது. அடுத்து எங்கே சேருகிறீர்கள் என்பதும் நிர்வாகத்தின் மீதுள்ள மனக்குறையும் இந்தத் தாளில் வேண்டாம்.

கைபேசி எண்ணையும் எழுதாதீர்கள். இதை நான் அழுத்திச் சொல்கிறேன். யார் வேலையை விடுகிறார்கள் என்பதை அறிய ஆலை வாசலில் திரியும் பி.எஃப். தரகர்களுக்கு அறிவிப்புப் பலகையைவிட வசதியான இடம் கிடையாது. "பணத்தை உடனே எடுத்துத் தருகிறேன்" என்று அழைத்து, யு.ஏ.என். எண்ணையும் ஓ.டி.பி.யையும் கேட்டு, வரும் தொகையில் பங்கு பிடிப்பார்கள். பி.எஃப். விண்ணப்பத்துக்குக் கட்டணமே இல்லை. விலகிய தேதியை நிர்வாகம் பதியாமல் இழுத்தடித்தாலும், கடைசிச் சந்தா செலுத்தி இரண்டு மாதம் கழிந்த பிறகு, ஆதாரோடு இணைந்த கைபேசியைக் கொண்டு இணையதளத்தில் நீங்களே பதியலாம். ஒரு தேதியைப் பதிய ஓர் அலுவலகம் எடுக்கும் தாமதம்தான் இந்தத் தரகர்களுக்குச் சோறு போடுகிறது. அந்த அலுவலகமும் பகலில் மட்டுமே திறந்திருப்பதால், முழு நைட்காரர் ஒரு கையெழுத்துக்காகத் தூக்கத்தை விட்டுக் காத்திருக்க வேண்டியிருக்கிறது. அவர்தான் தரகரிடம் எளிதில் சிக்குகிறார்.

ஒரே ஒரு செய்தியை மட்டும் பலகைக்கு விடாமல் நேரில் சொல்லியாக வேண்டும். ஆலையின் பணியாளர் கூட்டுறவு சிக்கன நாணயச் சங்கத்தில் நீங்கள் கடன் வாங்கி, முழு நைட்டில் இருக்கும் ஒருவர் ஜாமீன் போட்டிருந்தால், உங்கள் பாக்கி முதலில் உங்கள் கடைசிக் கணக்கிலும் பங்குத்தொகையிலும் கழிக்கப்படும். அதிலும் அடையாத மீதிக்கு அவருடைய சம்பளத்தில் கை வைப்பார்கள். சம்பளச் சீட்டைப் பார்த்து அவர் அதைத் தெரிந்துகொள்ளும் நிலை வரக் கூடாது. மாறாக, அவருடைய கடனுக்கு நீங்கள் ஜாமீன் என்றால், சங்கம் அவரிடம் மாற்று ஜாமீன் கேட்கும்; ஆள் தேட அவருக்கு அவகாசம் வேண்டும். இதைப் பலகையில் எழுதினால் அவருடைய கடன் ஊருக்கே தெரிந்துவிடும். ஆகவே 30ஆம் தேதி வரை காத்திராமல் இந்த வாரமே ஒரு நாள் விடியற்காலையில் போய் அவரைப் பாருங்கள். கையோடு சங்கத்தில் நிலுவை விவரத்தை எழுத்தில் வாங்கி, அதன் நகலை அவரிடமும் ஒன்று கொடுத்துவிடுங்கள்.