"நெட்ல மட்டும் போடாதீங்க" என்று சொல்லி விற்பவர்

ஒயிட்ஃபீல்டில் ஒருவர் எக்ஸ்பாக்ஸ் விற்கிறார். இன்னொருவர் எடுக்க வருகிறாராம், 2,000 ரூபாய் டோக்கன் அனுப்பினால் எனக்கு வைத்திருப்பாராம். அனுப்பலாமா?
*— மாரத்தஹள்ளி வாசகர்*

வேண்டாம். அந்த இன்னொருவரே எடுத்துக்கொள்ளட்டும்.

பையனுக்காக ஒரு பிஎஸ்4 ஸ்லிம் பார்த்தேன். 30 கேம் உள்ளேயே இருக்கிறது, விலையும் குறைவு. "நெட்ல மட்டும் போடாதீங்க, அப்டேட் கேட்டா வேணாம்னு விட்டுடுங்க" என்கிறார். வாங்கலாமா?
*— அல்சூர் வாசகி*

இந்த வசனத்தைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பெங்களூரில் பழைய பிஎஸ்4 விற்பவர்களில் பலர் இதை ஏதோ பராமரிப்புக் குறிப்பு மாதிரி சொல்கிறார்கள்.

30 கேம் என்றால் இரண்டில் ஒன்று. அவருடைய அக்கவுன்ட்டில் காசு கொடுத்து வாங்கியவையாக இருக்கலாம். அப்படியானால் அவர் அக்கவுன்ட்டை எடுத்ததும் அவையும் போய்விடும். இல்லையென்றால் பெட்டி ஜெயில்பிரேக் செய்யப்பட்டது, அதாவது சோனி போட்ட பூட்டு உடைக்கப்பட்டது; கேம் எல்லாம் திருட்டு நகல். பழைய மென்பொருளில் உள்ள ஓட்டை வழியாகத்தான் ஜெயில்பிரேக் நடக்கிறது. அப்டேட் செய்தால் அந்த ஓட்டை அடைபடும், கேம்கள் திறக்காது. அப்டேட் செய்யாவிட்டால் பிளேஸ்டேஷன் நெட்வொர்க் உள்ளே விடாது. ஆக, பையன் நண்பர்களோடு ஆன்லைனில் ஆடவே முடியாது.

கண்டுபிடிப்பது சுலபம். நீங்கள் போகும்போது பெட்டி ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும். Turn Off PS4 கொடுத்து முழுக்க அணைக்கச் சொல்லுங்கள், Rest Mode போதாது. பிளக்கையும் பிடுங்கிவிட்டுத் திரும்பப் போடச் சொல்லுங்கள். பிஎஸ்4 ஜெயில்பிரேக் மின்சாரம் போனால் நிற்காது, ஒவ்வொரு முறையும் புதிதாக ஏற்ற வேண்டும். அதுவரை நகல் கேம்கள் திறக்காது. "ஒரு நிமிஷம் மேடம்" என்று அவர் பென்டிரைவைத் தேடினால், நீங்கள் செருப்பைத் தேடலாம்.

அவர் ஒழுங்கான ஆளாக இருந்தால், நீங்கள் வருவதற்கு முன்பே அப்டேட் செய்து வைக்கச் சொல்லுங்கள். அங்கே உங்கள் மொபைல் ஹாட்ஸ்பாட்டில் இணைத்து, உங்கள் பையனின் அக்கவுன்ட்டில் உள்ளே போய், ஸ்டோர் திறக்கிறதா பாருங்கள். திறந்தால் பெட்டிக்குத் தடை இல்லை. அப்புறம்தான் விலையைப் பேச வேண்டும்.

பழைய நின்டென்டோ ஸ்விட்ச் வாங்கினேன். விற்றவர் கேம் போட்டுக் காட்டினார், நன்றாக ஓடியது. வீட்டில் ஆன்லைன் போனால் 2124-4007 என்று வருகிறது. அவர் போனை எடுப்பதில்லை.
*— கே.ஆர். புரம் வாசகர்*

கஷ்டமாக இருக்கிறது. உங்கள் மேல் பெரிய தப்பு இல்லை, ஓடுவதைப் பார்த்துத்தான் வாங்கியிருக்கிறீர்கள். அந்த எண்ணுக்கு அர்த்தம், நின்டென்டோ அந்தப் பெட்டியை ஆன்லைனிலிருந்து தடுத்துவிட்டது என்பது. தடை அக்கவுன்ட்டுக்கு இல்லை, பெட்டிக்கு. அதனால் ரீசெட் செய்தாலும், வேறு அக்கவுன்ட் போட்டாலும் போகாது. கார்ட்ரிட்ஜ் போட்டு ஆஃப்லைனில் ஆடலாம், ஈஷாப் கிடையாது. வாங்கும் முன் ஈஷாப்பைத் திறக்கச் சொல்லியிருந்தால் அங்கேயே தெரிந்திருக்கும்.

நுகர்வோர் நீதிமன்றம் வியாபாரிகளுக்கு எதிரானது. வீட்டுப் பொருளை ஒருமுறை விற்றவர் மேல் அங்கே வழக்கு நிற்பது கடினம். விளம்பரம், வாட்ஸ்அப் பேச்சு, பணம் அனுப்பிய விவரம் மூன்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள். தடை தெரிந்தே விற்றார் என்று காட்ட முடிந்தால் அது ஏமாற்று. இனி அவருக்கு நீங்களாகப் போன் செய்யாதீர்கள், எழுத்தில் கேளுங்கள்.

பிஎஸ்5 வாங்கி வந்து, டிவி இல்லாததால் ஒரு மாதம் அப்படியே வைத்திருந்தேன். இப்போது போட்டால் படம் வந்து வந்து போகிறது. பணத்தைத் திரும்பக் கேட்கலாமா?
*— பொம்மனஹள்ளி வாசகர்*

கேட்கலாம், அவர் சிரிப்பார். ஒரு மாதம் கழித்து எந்த முகத்தோடு கேட்பீர்கள்? டிவி இல்லாதவர் விற்பவர் வீட்டு டிவியிலாவது போட்டுப் பார்த்திருக்க வேண்டாமா?

முதலில் வேறு எச்டிஎம்ஐ கேபிளில் போட்டுப் பாருங்கள். அப்புறமும் கேபிளை லேசாக அசைத்தால் படம் போகிறதென்றால் துளையில்தான் கோளாறு. போன் டார்ச் அடித்து உள்ளே பாருங்கள், ஏதாவது ஒரு பின் வளைந்திருக்கலாம். மதர்போர்டில் சால்டர் செய்து புதிய போர்ட் வைக்க வேண்டும். எஸ்.பி. ரோட்டில் செய்வார்கள், ஆனால் கைதேர்ந்தவரா என்று விசாரித்துக் கொடுங்கள்.

விற்பவர் வீட்டில் எவ்வளவு நேரம் ஓட்டிப் பார்க்க வேண்டும்?
*— ஜெயநகர் வாசகர்*

அரை மணி நேரம், கனமான கேமில். என் வீட்டுப் பரணில் ஒரு பழைய பிஎஸ்3 கிடக்கிறது. விற்றவர் வீட்டில் மெனு அருமையாக வந்தது. என் வீட்டில் சூடேறியதும் மஞ்சள் விளக்கு எரிந்து அணைந்தது. ஆறினால் திரும்ப ஓடும், சூடேறினால் திரும்ப அணையும். மெனுவில் பெட்டி அவ்வளவாகச் சூடாவதில்லை, அதனால் அதைக் காட்டுவது சோதனையே அல்ல. உங்கள் டிஸ்க் ஒன்றைக் கையோடு கொண்டு போங்கள். டிஸ்க் படிக்கிறதா என்பதும் அதே அரை மணியில் தெரிந்துவிடும். அந்த அரை மணிக்கு ஒத்துக்கொள்ளாதவரிடம் பணத்தை எடுக்காதீர்கள்.