ஊரில் தீர்த்துவிட்டார்கள், கோர்ட்டில் தீர்ந்ததா?

கேள்வி: எனக்கு 2014-ல் கல்யாணம் ஆனது. ஒத்துவரவில்லை. 2019-ல் ஊர்ப் பெரியவர்கள் இரண்டு வீட்டையும் உட்கார வைத்துப் பேசித் தீர்த்துவிட்டார்கள். நூறு ரூபாய்ப் பத்திரத்தில் இருவரும் கையெழுத்துப் போட்டோம், தாலியைக் கழற்றிக் கொடுத்தேன், என் நகையும் பாத்திரமும் திரும்பி வந்தன. குழந்தை இல்லை. இப்போது வேறு இடத்தில் பேசுகிறார்கள், மாப்பிள்ளை மத்திய அரசு வேலையில் இருக்கிறார். "கோர்ட் விவாகரத்து இருக்கா?" என்று கேட்கிறார்கள். எங்கள் ஜனத்தில் யாரும் கோர்ட்டுக்குப் போனதே இல்லை. இந்தப் பத்திரம் போதுமா?

பதில்: பத்திரம் மட்டும் போதாது. அதற்காக அது வெறும் காகிதமும் அல்ல. எங்கே செல்லும், எங்கே செல்லாது என்று பிரித்துப் பார்த்தால்தான் உங்களுக்கு வழி தெரியும்.

உங்கள் ஊரைப் பொறுத்தவரை 2019-லேயே எல்லாம் முடிந்துவிட்டது. நாளைக்கு நீங்கள் மறுமணம் செய்தால் அங்கே யாரும் தப்பாகப் பேசப்போவதில்லை. பதிவு அலுவலகமும், மாப்பிள்ளையின் அலுவலகமும், கோர்ட்டும் வேறு சட்டப் புத்தகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றன. ஒரே ஆள்மீது ஒரே நேரத்தில் இரண்டு ஒழுங்குகள் செல்லுபடியாவதைத்தான் சட்டப் பன்மை என்கிறார்கள். தமிழுக்கு இது புதிதில்லை. கோர்ட் கேஸையும் வழக்கு என்கிறோம், ஊர் நடைமுறையையும் வழக்கு என்கிறோம்.

இரண்டுக்கும் நடுவில் சுவர் இருக்கிறது, ஆனால் அதில் ஒரு கதவும் இருக்கிறது. 1955-ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தின் 29(2) பிரிவுதான் அந்தக் கதவு. வழக்கத்தின்படி மணவாழ்வை முறித்துக்கொள்ளும் உரிமை ஒரு சமூகத்துக்கு இருந்தால், அதை இந்தச் சட்டத்தில் உள்ள எதுவும் பாதிக்காது என்று அது சொல்கிறது. கோர்ட் விவாகரத்து எல்லாருக்கும் வருவதற்கு முன்பே 'அத்துவிடுவதும்' 'தீர்த்துவிடுவதும்' பல சமூகங்களில் இருந்தன. மதுரைப் பக்கத்தில் துரும்பு கொடுத்தாலே மணமுறிவு என்று வெள்ளைக்காரர் காலத்துக் குறிப்புகள் சொல்கின்றன. சட்டம் எழுதியவர்கள் அதையெல்லாம் துடைத்துப்போட விரும்பவில்லை.

கோர்ட்டும் வழக்கத்தை இன்று நேற்று மதிக்க ஆரம்பிக்கவில்லை. ராமநாதபுரம் ஜமீன் தத்து வழக்கில், 1868-லேயே, அன்றைய இந்திய வழக்குகளுக்குக் கடைசி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில், தெளிவாக நிரூபிக்கப்பட்ட வழக்கம் எழுதிய சாஸ்திரத்தைவிட மேலானது என்று சொல்லிவிட்டது. இதில் கவனிக்க வேண்டிய சொல் 'நிரூபிக்கப்பட்ட' என்பது. உங்கள் பிரச்சினை முழுக்க அங்கேதான் இருக்கிறது.

பஞ்சாயத்தார், "நாங்கள் பிரித்துவைத்தோம்" என்பார்கள். கோர்ட் அதை ஒரு தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாது. பிரித்துவைக்கும் அதிகாரம் பஞ்சாயத்துக்குக் கிடையாது, வழக்கம் என்று ஒன்று இருந்தால் அந்த வழக்கம்தான் உங்களைப் பிரித்தது என்பது கோர்ட்டின் கணக்கு. பஞ்சாயத்து அதற்குச் சாட்சி, அவ்வளவுதான். 2002-ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. பத்திரம் எழுதிக்கொண்டார்கள் என்பதை மட்டும் காட்டினால் பற்றாது. அப்படி முறித்துக்கொள்ளும் வழக்கம் அந்தச் சமூகத்தில் உண்டு என்று மனுவில் தனியாகச் சொல்லி, அதைச் சாட்சியத்தால் நிலைநாட்டவும் வேண்டும். 2005-ல் தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கிலும் இதையே திரும்பச் சொன்னது.

வழக்கம் என்றால் என்ன என்பதையும் சட்டமே சொல்கிறது. நெடுங்காலமாக, விடாமல், ஒரே மாதிரியாகக் கடைப்பிடிக்கப்பட்டிருக்க வேண்டும். இன்னதுதான் விதி என்று திட்டமாகச் சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும். நியாயக்கேடாகவோ பொதுநலக் கொள்கைக்கு விரோதமாகவோ இருக்கக் கூடாது. இந்தக் கடைசி நிபந்தனைக்குப் பழைய தீர்ப்புகளில் நல்ல உதாரணங்கள் உண்டு. இருவரும் சம்மதித்து, ஒருவர் மற்றவருக்குக் கல்யாணச் செலவைத் திருப்பிக் கொடுத்துப் பிரியும் வழக்கத்தில் தவறில்லை என்று 1894-ல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. ஒருவருக்கு விருப்பமே இல்லாதபோது, சாதி நிர்ணயித்த தொகையைக் கட்டிவிட்டு மற்றவர் விலகிக்கொள்ளலாம் என்ற வழக்கத்தை 1915-ல் பம்பாய் உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. உங்கள் விஷயத்தில் இருவருமே மனமொத்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். அது உங்களுக்குச் சாதகம்.

அப்புறம் சாட்சியம். உங்கள் பத்திரத்தில் அநேகமாக "எங்கள் சமூக வழக்கப்படி" என்று ஒரு வரி இருக்கும். அந்த வரி எதையும் நிரூபிக்காது. சங்கத் தலைவர் லெட்டர்பேடில் கொடுக்கும் சான்றிதழும் தனியாக நிற்காது. நோட்டரி முத்திரை குத்தினாலும் இதில் மாற்றமில்லை. நான் பார்த்த ஒரு வழக்கில், பத்திரத்தில் கையெழுத்துப் போட்ட ஐந்து பேரும் வந்து, "ஆமாம், நாங்கள்தான் தீர்த்துவிட்டோம்" என்றார்கள். "இதற்கு முன் இப்படிப் பிரிந்த வேறு யாரையாவது சொல்லுங்கள்" என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டதும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வழக்கு அங்கேயே போய்விட்டது.

கோர்ட் தேடுவது முன்னுதாரணங்களை. உங்கள் சமூகத்தில், உங்கள் வட்டாரத்தில், உங்களுக்கு முன் இதே முறையில் பிரிந்தவர்கள் யார், எந்த வருடம், பிறகு யாரைக் கட்டிக்கொண்டார்கள், அந்த இரண்டாம் கல்யாணத்துப் பிள்ளைகளுக்குத் தகராறில்லாமல் சொத்துப் போனதா என்று கேட்கும். இரண்டாம் கல்யாணத்துப் பிள்ளைகளின் பெயருக்கு மாறிய ஒரு பட்டா, பத்துப் பேர் வாய்ச்சாட்சியைவிட வலுவாகப் பேசும். பஞ்சாயத்து நோட்டு பழையதாக இருந்தால் அதைத் தேடி எடுங்கள். உங்கள் சமூகத்துக்கு இந்த வழக்கம் உண்டு என்று ஏற்ற பழைய தீர்ப்பு கிடைத்தால் பாதிக் கிணறு தாண்டிய மாதிரி. ஒரு குடும்பத்துக்கு நகையைத் திருப்பச் சொல்லி, இன்னொரு குடும்பத்துக்கு வேண்டாம் என்று பஞ்சாயத்து ஆளுக்கொரு விதமாகத் தீர்த்திருந்தால், விதியே நிலையாக இல்லை என்று எதிர்த்தரப்பு அதைப் பிடித்துக்கொள்ளும்.

சரி, இதையெல்லாம் செய்யாமல் பத்திரத்தை நம்பிக் கல்யாணம் செய்துகொண்டால் என்ன ஆகும்? உடனே எதுவும் ஆகாமல் போகலாம், பல குடும்பங்கள் அப்படித்தான் வாழ்கின்றன. ஆனால் உங்கள் முதல் கணவரோ அவர் வீட்டாரோ என்றாவது மனம் மாறி, "அப்படி ஒரு வழக்கமே எங்களிடம் இல்லை" என்று சொன்னால், வழக்கம் உண்டு என்று நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில் விழும். நிரூபிக்க முடியாவிட்டால் இரண்டாம் கல்யாணம் தொடக்கத்திலிருந்தே செல்லாது. பிள்ளைகளின் உரிமையைச் சட்டம் 16-ஆம் பிரிவில் காப்பாற்றுகிறது. மனைவி என்ற உங்கள் உரிமைக்கு அந்தக் காப்பு கிடையாது, குடும்ப ஓய்வூதியம் கேட்டுப் போகும் நாளில்தான் அது உறைக்கும். மாப்பிள்ளைக்கும் சிக்கல் இருக்கிறது. மத்திய அரசு ஊழியர் நடத்தை விதிகள், 1964-இன் 21-ஆம் விதி, கணவர் உயிரோடு இருக்கும் ஒரு பெண்ணை ஊழியர் மணப்பதைத் தடுக்கிறது. அவர்கள் வீட்டில் கோர்ட் உத்தரவு கேட்பது சந்தேகத்தால் அல்ல, நியாயமான கேள்விதான்.

இனி வழி. முதலில் ஒன்றை விசாரியுங்கள்: உங்கள் முதல் கணவர் மறுமணம் செய்துகொண்டாரா?

செய்யவில்லை, ஒத்துழைக்கவும் தயார் என்றால், 13பி பிரிவின்கீழ் இருவரும் சேர்ந்து பரஸ்பர சம்மத மனு போடுவதுதான் எளிது. குறைந்தது ஒரு வருடம் பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையை எப்போதோ தாண்டிவிட்டீர்கள். மனு போட்டபின் ஆறு மாதம் காத்திருக்கச் சட்டம் சொல்கிறது. தகுந்த வழக்குகளில் கோர்ட் அதைத் தள்ளுபடி செய்யலாம் என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆண்டுக்கணக்காகப் பிரிந்திருந்து, கொடுக்கல் வாங்கலும் முடிந்துவிட்ட உங்களைப் போன்றவர்கள் அதைக் கேட்கத் தகுந்தவர்கள். 2019 பத்திரத்தை அந்த மனுவோடு இணைக்கலாம், பிரிந்த தேதிக்கும் நகை திரும்பியதற்கும் அது நல்ல சாட்சி.

அவர் மறுமணம் செய்திருந்தால் கதை வேறு. 13பி மனு போடுவது என்றால் "இன்றுவரை எங்கள் திருமணம் உயிரோடு இருக்கிறது" என்று இருவரும் எழுதிக்கொடுப்பதாகும். அப்படி எழுதினால் அவருடைய இரண்டாம் கல்யாணம் செல்லாது என்று அவரே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். அதனால் அவர் கையெழுத்துப் போட மாட்டார், போடச் சொல்வதும் அந்தப் பெண்ணுக்கு நியாயமில்லை. அந்த நிலையில் குடும்ப நல நீதிமன்றத்தில், 2019-லேயே வழக்கப்படி திருமணம் முறிந்துவிட்டது என்று விளம்புகை கேட்டு, அதாவது கோர்ட்டே அப்படி அறிவிக்கும்படி கேட்டு, வழக்குப் போட வேண்டும். திருமண நிலையைப் பற்றி அறிவிக்க அந்த நீதிமன்றத்துக்கு 1984-ஆம் ஆண்டுக் குடும்ப நல நீதிமன்றச் சட்டம் அதிகாரம் கொடுக்கிறது. எதிர்த்தரப்பு "ஆமாம்" என்று ஒப்புக்கொண்டாலும், கோர்ட் அதோடு விட்டுவிடாமல் வழக்கத்துக்குச் சாட்சியம் கேட்கும். மேலே சொன்ன முன்னுதாரணங்கள் கைக்கு வந்த பிறகே வழக்கைத் தொடங்குங்கள். தோற்றால் முதல் திருமணம் நிலைத்திருக்கிறது என்று தீர்ப்பிலேயே பதிவாகிவிடும். வழக்கம் நிரூபணமாகாவிட்டால் விவாகரத்தாவது தருமாறு மாற்றுக் கோரிக்கையும் அதே மனுவில் வைக்க முடியுமா என்று உங்கள் வக்கீலிடம் கேளுங்கள்.

ஒரு விதிவிலக்கு. நீங்கள் பட்டியல் பழங்குடியினராக இருந்தால், மத்திய அரசு தனியாக அறிவிக்காதவரை இந்து திருமணச் சட்டமே உங்களுக்குப் பொருந்தாது. அங்கே வழக்கம்தான் சட்டம். ஆனால் நிரூபிக்கும் வேலை அங்கேயும் உண்டு.

கோர்ட்டுக்குப் போனால் அபராதம், ஊர்விலக்கு என்று யாராவது பேசினால் அஞ்ச வேண்டாம். வழக்கத்துக்கு இருக்கும் கதவு மிரட்டலுக்குத் திறக்காது. கட்டப் பஞ்சாயத்து சட்டவிரோதம் என்று 2011-ல், தமிழ்நாட்டு வழக்கு ஒன்றிலேயே, உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

பத்திரத்தின் அசலை யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள், நகல் போதும். வக்கீல் செலவுக்கு வழியில்லை என்றால் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு அங்கே இலவச வக்கீல் பெற உரிமை உண்டு. போகும்போது, பத்திரத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்களில் யார் யார் இன்னும் இருக்கிறார்கள் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள், வக்கீல் முதலில் அதைத்தான் கேட்பார்.