இன்டர்வியூ நேரம் மோதுகிறது, மெயிலில் எப்படி மாற்றுவது? ஒரு மாலை கேள்வி பதில்

வணக்கம். சிங்கப்பூரில் ஆளெடுப்புப் பிரிவில் 19 ஆண்டுகள் வேலை பார்த்தேன். அதில் பாதி நாள் விண்ணப்பதாரரின் நேரத்தையும் மேலாளர்களின் நேரத்தையும் ஒன்றோடொன்று பொருத்துவதிலேயே போனது. அது பற்றிக் கேளுங்கள். சம்பளப் பேச்சை இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம்.

யீஷூன்வாசி: அக்கா, வியாழன் 12ஆம் தேதி மதியம் 3 மணிக்கு ஒரு கம்பெனியில் பேனல் இன்டர்வியூ. திங்களே சரின்னு சொல்லிட்டேன். இன்னைக்கு இன்னொரு கம்பெனி ஹெச்ஆர், அதே நாள் 2:30க்கு வீடியோவில் பேசலாம்னு மெயில் போட்டிருக்காங்க. எனக்குப் பிடிச்சது இரண்டாவதுதான். முதலாவதைத் தள்ளி வைக்கலாமா?

இல்லை தம்பி, இரண்டாவதைத் தள்ளுங்கள். பிடித்த கம்பெனி எது என்பதை இப்போதைக்கு ஓரமாக வையுங்கள். எதை நகர்த்துவது சுலபம் என்று மட்டும் பாருங்கள். பேனலில் மூன்று பேர் இருந்தால் மூன்று பேருடைய காலண்டரும் ஓர் அறையும் உங்களுக்காகப் பிடித்து வைக்கப்பட்டிருக்கும். அதை அசைத்தால் மறுபடி மூவரும் ஒன்றுசேர ஒரு வாரம்கூட ஆகலாம். அதற்குள் மற்ற விண்ணப்பதாரர்களைப் பார்த்து முடித்திருப்பார்கள். ஹெச்ஆர் வீடியோ பேச்சு அப்படியல்ல. ஒரே ஆள், அரை மணி நேரம், அதுவும் நீங்கள் இன்னும் ஒப்புக்கொள்ளாதது. அவரைப் பொறுத்தவரை இது வேண்டுகோளுக்கு வரும் சாதாரண பதில்தான். உங்கள் ஆர்வம் குறைந்துவிட்டதாக அவர் நினைக்க மாட்டார்.

மெயிலை இன்றைக்கே அனுப்புங்கள். புது மெயிலாகத் தொடங்காமல், அவர் அனுப்பியதற்கே பதிலாகப் போடுங்கள். ஒரு நாளைக்கு முப்பது பேருக்கு எழுதுகிறவர் புதுத் தலைப்போடு வரும் மெயிலைப் பார்த்து, இது யார், எந்த வேலைக்கு என்று தேட வேண்டியிருக்கும்.

நீங்கள் ஆங்கிலத்தில்தான் எழுதுவீர்கள். உள்ளடக்கம் இப்படி இருக்கட்டும்:

"வணக்கம். 12ஆம் தேதி வியாழன் பிற்பகல் 2:30க்குப் பேச அழைத்ததற்கு நன்றி. அந்த நேரத்தில் நான் முன்பே ஒப்புக்கொண்ட ஒன்று இருப்பதால் கலந்துகொள்ள இயலவில்லை, மன்னிக்கவும். இந்த வேலை பற்றிப் பேச ஆவலாக இருக்கிறேன். கீழே உள்ளவற்றில் ஒன்று உங்களுக்கு வசதிப்படுமா? வெள்ளி 13, காலை 9:30 முதல் 12 வரை. திங்கள் 16, பிற்பகல் 2 முதல் 5 வரை. செவ்வாய் 17, காலை 10 முதல் மாலை 5 வரை. எதுவும் ஒத்துவராவிட்டால் உங்களுக்கு வசதியான நேரத்தைச் சொல்லுங்கள், என்னால் முடிந்தவரை ஏற்பாடு செய்துகொள்கிறேன். என் கைபேசி எண் கீழே உள்ளது."

இதில் நான் கவனித்துச் செய்தது மூன்று. கிழமையும் தேதியும் சேர்ந்தே வருகின்றன, ஒன்று பிசகினாலும் மற்றது காட்டிக்கொடுக்கும். 10:15 என்று ஒரு புள்ளியாகச் சொல்லாமல் சில மணி நேரமாகத் திறந்து வைத்திருக்கிறேன், அவர் காலண்டரில் இடைவெளி கிடைக்க அதுதான் வழி. காலையும் இருக்கிறது, பிற்பகலும் இருக்கிறது. அவர் "வெள்ளி 11 மணி" என்று ஒரு வரியில் பதில் போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடலாம்.

பொங்கோல் மீனா: "எப்போ வேணும்னாலும் வரேன்"னு போட்டா இன்னும் பணிவா இருக்காதா?

தயவுசெய்து அப்படி எழுதாதீர்கள். பணிவு மாதிரி தெரியும், ஆனால் வேலை முழுவதும் எதிராளி தலையில் போய் விழும். ஒருமுறை ஒருவர் "அடுத்த வாரம் எந்த நாளும் சரி" என்று எழுதினார். மூன்று மேலாளர்களைக் கெஞ்சிப் புதன் காலையைப் பிடித்தேன். "புதன் மட்டும் முடியாது" என்று பதில் வந்தது. அவரை நான் குறைவாக நினைக்கவில்லை, ஆனால் அந்த மேலாளர்களிடம் இரண்டாவது முறை போய் நிற்க என்னால் முடியவில்லை.

புதுசா வந்தவன்: காலண்டர் அழைப்பில் Decline அழுத்தினாலே போதாதா? மெயில் எதுக்கு?

போதாது. Decline அழுத்தினால் அவர்களுக்குப் போவது மறுப்பு மட்டும்தான். வேலையே வேண்டாம் என்கிறீர்களா, நேரம்தான் சரியில்லையா என்பது அதில் தெரியாது. ஏற்பாடு செய்பவர் அறையையும் விட்டுவிடக்கூடும். Propose New Time பொத்தானையும் முழுதாக நம்பாதீர்கள். அழைப்பு பதில் ஏற்காத தானியங்கி முகவரியிலிருந்து வந்திருந்தால் நீங்கள் முன்மொழிந்த நேரத்தை ஒருவரும் பார்க்காமல் போகலாம். முதலில் மனிதருக்கு மெயில் போடுங்கள். புது நேரம் உறுதியான பிறகு காலண்டரைத் தொடுங்கள்.

ஜூரோங் ராஜா: ஐசிஏ அப்பாயின்ட்மென்ட் தேதியை மெயில் போட்டு மாத்த முடியுமா?

அது வேலை நேர்காணல் இல்லையே. ஐசிஏ இணையத்தளத்தில், முன்பதிவு செய்த இடத்திலேயே மாற்றுங்கள்.

காவடிக்காரன்: தைப்பூசத்தன்று இன்டர்வியூ போட்டிருக்காங்க. விடுமுறைன்னு தெரியாதா இவங்களுக்கு?

தெரிந்திருக்க வாய்ப்பில்லை, அவர்கள் மேல் கோபம் வேண்டாம். 1968-இல் பொது விடுமுறைப் பட்டியலிலிருந்து தைப்பூசத்தை எடுத்துவிட்டார்கள், ஆகவே அலுவலகக் காலண்டரில் அது வேலை நாளாகத்தான் தெரியும். அதனால் இந்த ஒரு மோதலுக்குக் காரணத்தைச் சொல்லுங்கள். "அன்று தைப்பூசம், நான் காவடி எடுக்கிறேன், முந்தைய இரவு தொடங்கி மறுநாள் வரை கோயிலில் இருப்பேன்" என்றால் சீனர், மலாய்க்காரர் யாருக்கும் இங்கே புரியும். சிராங்கூன் ரோடு பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு வரை நடந்துவிட்டு அன்று மாலையே பேச முடியும் என்று தயவுசெய்து எழுதிவிடாதீர்கள். மறுநாளையும் ஓய்வுக்கு விட்டுவிட்டு அதற்கடுத்த நாளைக் கொடுங்கள்.

புக்கிட் பாத்தோக் அண்ணன்: யீஷூன் தம்பிக்கு நான் ஒண்ணு சொல்றேன். "வேறொரு கம்பெனியில் இன்டர்வியூ இருக்கு"ன்னு நேராவே எழுதணும். நமக்கு மவுசு இருக்குன்னு தெரிஞ்சா அவங்க ஓடி வருவாங்க. நான் அப்படித்தான் வேலை வாங்கினேன்.

அண்ணே, நீங்கள் சொல்வது ஓர் இடத்தில் சரி. கையில் ஆஃபர் கடிதம் இருந்து, அதற்குப் பதில் சொல்லக் கெடுவும் இருந்தால் கட்டாயம் சொல்ல வேண்டும். "வெள்ளிக்குள் நான் ஒரு முடிவு சொல்லியாக வேண்டும், அதற்கு முன் பேச முடியுமா" என்றால் அது அவர்களுக்குப் பயன்படும் தகவல். வெறும் நேர்காணலுக்கே அப்படி எழுதினால் படிப்பவருக்கு, நாம் இரண்டாம் இடம் என்றுதான் படும்.

ஆர்ச்சர்ட் ஹெச்ஆர்: நான் இப்போ ரெக்ரூட்டரா இருக்கேன் அக்கா. இதில் உங்களோடு உடன்பட மாட்டேன். இன்னொரு நேர்காணல் இருக்குன்னு தெரிஞ்சா, எங்க சுற்றுகளை நான் வேகப்படுத்த முடியும். "முன்பே ஒப்புக்கொண்ட ஒன்று"ன்னு எழுதினா எனக்கு ஒண்ணுமே தெரியாது.

புக்கிட் பாத்தோக் அண்ணன்: பார்த்தீங்களா!

உங்களைப் போல அதை எடுத்துக்கொள்ளும் ரெக்ரூட்டர் கிடைத்தால் நல்லதுதான் தங்கச்சி. ஆனால் மெயிலை நீங்கள் மட்டும் படிப்பதில்லை. அப்படியே மேலாளருக்கு அனுப்புகிறீர்கள், அவர் அதை எப்படி எடுத்துக்கொள்வார் என்பது உங்கள் கையில் இல்லை. என் காலத்தில் இரண்டு மேலாளர்கள் அந்த ஒரு வரிக்காகவே அடுத்த ஆளைப் பார்க்கச் சொன்னார்கள்.

ஆர்ச்சர்ட் ஹெச்ஆர்: எங்க மேலாளர்கள் அப்படி இல்லை. போனில் கேட்டா சொல்லலாம், மெயிலில் வேண்டாம்னு வேணா ஒத்துக்கிறேன்.

அது எனக்கும் சரியாகப் படுகிறது. மெயிலில் எழுதுவது பற்றி நாம் இருவரும் ஒரே முடிவுக்கு வரப்போவதில்லை. படிப்பவர்கள் தங்கள் துறையைப் பார்த்து முடிவெடுக்கட்டும்.

தெம்பனிஸ் தம்பி: காரணம் சொல்லணுமா வேண்டாமா? எம்சி எடுத்திருக்கேன்னு சொல்லிடலாமா?

காரணம் பற்றி மேலே பேசியாயிற்று, படியுங்கள். எம்சி பொய் மட்டும் வேண்டவே வேண்டாம். காய்ச்சல் என்று எழுதிவிட்டு அன்று மதியமே ராஃபிள்ஸ் பிளேஸில் இன்னொரு அலுவலகத்தின் லிஃப்ட்டில் அதே ஹெச்ஆரின் தோழி கண்ணில் பட்டால் என்ன செய்வீர்கள்? இந்த ஊர் அவ்வளவு சின்னது. "முன்பே ஒப்புக்கொண்ட ஒன்று" என்பது உண்மை, அதற்குமேல் ஒரு சொல்லும் தேவையில்லை.

ரிசர்விஸ்ட் மணி: இரண்டு வாரம் ஐசிடி, நடுவில் இன்டர்வியூ. என்ன செய்ய?

இன்டர்வியூவைத்தான் நகர்த்த வேண்டும். ஐசிடி என்று வெளிப்படையாகவே எழுதுங்கள், இங்கே இதைவிடத் தெளிவான காரணம் இல்லை. தொடங்கும் தேதி, முடியும் தேதி இரண்டையும் போடுங்கள். முகாமுக்குப் போகும் முன் ஒரு நாள், வெளியே வந்தபின் இரண்டு நாள் என்று கொடுங்கள். உள்ளே இருந்தபடி இடைவேளையில் வீடியோவில் பேசுகிறேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். இடைவேளை எப்போது வரும் என்பது உங்கள் கையில் இல்லை.

செங்காங் செல்வி: சென்னையில் இருக்கிற மேலாளர் இன்டர்வியூ எடுக்கிறார். நான் காலை 9 மணி கொடுத்தேன், பதிலே இல்லை.

உங்கள் 9 மணி அவருக்கு 6:30. நாம் இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறோம். மதியம் 12:30க்குப் பிறகு கொடுங்கள், பக்கத்திலேயே சென்னை நேரத்தையும் எழுதுங்கள். லண்டன் என்றால் இன்னும் கவனம் வேண்டும். கோடையில் 7 மணி நேர வித்தியாசம், அக்டோபர் கடைசி ஞாயிறுக்குப் பின் 8. நம் கடிகாரம் மாறாது, அவர்களுடையது மாறும்.

காலாங் ஜோதி: நான் மூணு நேரம் கொடுத்தேன். பதில் வர்றதுக்குள்ள ஒண்ணை வேற வேலைக்குக் கொடுத்துட்டேன். இப்போ அவங்க அதையே தேர்ந்தெடுத்துட்டாங்க.

அந்த வேற வேலையை நகர்த்துங்கள். இன்டர்வியூவை இரண்டாவது முறை மாற்றக் கேட்காதீர்கள். முதல் தடவையை யாரும் மனதில் வைத்துக்கொள்வதில்லை, இரண்டாவதை வைத்துக்கொள்வார்கள். கொடுத்த நேரம் மூன்றையும் உறுதி வரும்வரை காலண்டரில் அடைத்து வையுங்கள். உறுதியானதும் மற்ற இரண்டையும் விடலாம்.

பாசிர் ரிஸ் பாபு: காரணம் என்ன எழுதறது அக்கா?

மேலே இருக்கிறது தம்பி.

மரீன் பரேட் கலா: ரயில் நின்னுடுச்சு, இன்டர்வியூ இன்னும் 40 நிமிஷத்தில். மெயில் போடவா?

மெயில் வேண்டாம், உடனே போன் செய்யுங்கள். பேசிய பிறகு அதையே இரண்டு வரி மெயிலாகப் போடுங்கள்.

யீஷூன்வாசி: அனுப்பிட்டேன் அக்கா. பதில் எப்போ வரும்? வரலன்னா?

ஒரு முழு வேலை நாள் பொறுங்கள். உங்கள் முதல் நேரம் வெள்ளி காலை என்பதால் நாளை மதியம் வரை பதில் இல்லையென்றால் அவர் எண்ணுக்குக் கூப்பிடுங்கள். எண் இல்லாவிட்டால் அதே மெயிலுக்குக் கீழே ஒரு வரி போடுங்கள்: "வியாழன் 2:30க்கு என்னால் வர இயலாது என்பது உங்களுக்குக் கிடைத்ததா என்று உறுதிசெய்யவே எழுதுகிறேன்." அவர் அதைப் பார்க்காமல் வியாழன் 2:30க்குத் திரை முன் உட்கார்ந்து உங்களுக்காகக் காத்திருந்துவிடக் கூடாது.