கிளினிக்கை மூடும்போது நோட்டீஸில் என்ன எழுத வேண்டும்?

கேள்வி: புதுவயல் பக்கம் சின்ன கிளினிக் வைத்திருக்கிறேன். பொங்கலில் இருந்து செவ்வாய்ப் பொங்கல் முடிய ஆறு நாள் மூடணும். "டாக்டர் விடுமுறை, அவசரத்திற்கு அரசு மருத்துவமனையை அணுகவும்" என்று ஒட்டினால் போதாதா?

போதாது. எது அவசரம் என்று முடிவு செய்கிற வேலையை அந்த ஒரு வரி நோயாளி தலையில் கட்டிவிடுகிறது. நானும் காரைக்குடிப் பக்கம்தான் கிளினிக் நடத்துகிறேன், நம் ஆட்களை உங்களுக்கும் தெரியும். பெரிய வீட்டில் தனியாக இருக்கிற ஆச்சிக்கு ராத்திரி நெஞ்சை அடைத்து வியர்த்துக் கொட்டினால், வாய்வு என்றுதான் முதலில் நினைப்பார். ஓமத் தண்ணியைக் குடித்துவிட்டு, "டாக்டர் புதன்கிழமை வந்துடுவாரு" என்று படுத்துவிடுவார். மாரடைப்பாக இருந்தால் தாமதிக்கிற ஒவ்வொரு மணி நேரமும் இதயத் தசையைத் தின்னும். அதனால் அறிகுறியை அவர் சொல்கிற வார்த்தையிலேயே எழுதுங்கள், எனக்காகக் காத்திருக்க வேண்டாம் என்று வெளிப்படையாகவே சொல்லுங்கள்.

தேதி விஷயத்தில் ஒன்று. "15 முதல் 20 வரை விடுமுறை" என்று போட்டால் 20ஆம் தேதி சாயங்காலம் திறந்துவிடுவார்கள் என்று பாதிப் பேர் வந்து நிற்பார்கள். கடைசியாகப் பார்க்கும் நேரத்தையும் மறுபடி திறக்கும் நேரத்தையும் போடுங்கள். 2026 கணக்கில் இரண்டுமே புதன்கிழமை, அதனால் தேதி பெரிய எழுத்தில் இருக்கட்டும். நான் எழுதினால் இப்படி இருக்கும்:

"ஜனவரி 14 புதன் இரவு 8 மணி வரை பார்ப்போம். மீண்டும் ஜனவரி 21 புதன் காலை 9 மணிக்குத் திறப்போம்.
நெஞ்சு அடைப்பு, வியர்வை, மூச்சுத் திணறல், வாய் கோணல், கை கால் விழுந்து போதல், வலிப்பு, பாம்புக்கடி: உடனே 108. எனக்குப் போன் செய்து காத்திருக்க வேண்டாம்.
காய்ச்சல், வயிற்றுப்போக்கு, புண் கட்டுவதற்கு: (டாக்டர் பெயர், இடம், நேரம்).
மாத்திரை, இன்சுலின் 21ஆம் தேதிக்கு முன் தீர்ந்துவிடுமானால் 14க்குள் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள்."

அந்த மூன்றாவது வரியில் வருகிற டாக்டரிடம் முன்னாடியே நேரில் பேசி ஒப்புதல் வாங்குங்கள், ஏனென்றால் பொங்கலுக்கு அவரும் ஊருக்குப் போகலாம். பூட்டிய கதவில் இருந்து இன்னொரு பூட்டிய கதவுக்கு அனுப்பக் கூடாது. உங்கள் சொந்த நம்பரையும் போடாதீர்கள். நாட்டரசன்கோட்டைச் செவ்வாய்ப் பொங்கல் கூட்டத்தில் நிற்கும்போது போன் அடிப்பது கேட்காது, நீங்கள் திரும்பக் கூப்பிடுவீர்கள் என்று அங்கே ஒருத்தர் உட்கார்ந்திருப்பார்.

நோட்டீஸ் மட்டும் போதாத ஆட்களும் உண்டு, பாதி வைத்தியத்தில் இருப்பவர்கள். உதாரணத்துக்கு, 14ஆம் தேதி மூன்றாம் நாள் காய்ச்சலோடு ஒரு பிள்ளை வருகிறது, டெங்கு சந்தேகம். 16ஆம் தேதி காய்ச்சல் இறங்கும், அம்மா நிம்மதியாகிவிடுவார், ஆனால் டெங்குவில் ஆபத்து பெரும்பாலும் காய்ச்சல் இறங்குகிற அந்த நேரத்தில்தான் ஆரம்பிக்கிறது. விடாத வாந்தி, கடும் வயிற்று வலி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், சோர்ந்து கிடப்பது, சிறுநீர் குறைவது, இதில் ஒன்று தெரிந்தாலும் காய்ச்சல் இல்லை என்று இருக்காமல் அரசு மருத்துவமனைக்கு ஓடச் சொல்லி, சீட்டின் பின்பக்கம் உங்கள் கையாலேயே எழுதிக் கொடுங்கள். ரத்தப் பரிசோதனையை மறுபடி எடுக்கும் நாளையும், அதை யாரிடம் காட்டுவது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

நாய்க்கடி ஊசியும் அப்படித்தான். 8ஆம் தேதி முதல் ஊசி போட்டவருக்கு ஏழாம் நாள் ஊசி 15ஆம் தேதி, சரியாகப் பொங்கல் அன்று வருகிறது. 21 வரை தள்ளிப்போடச் சொல்லாதீர்கள், ஊசிச் சீட்டைக் கையில் கொடுத்து காரைக்குடி அரசு மருத்துவமனைக்கு அனுப்புங்கள். நம் தொழிலுக்கான 2002 நெறிமுறை விதிகளும், போதிய முன்னறிவிப்பு தராமல் நோயாளியைப் பாதியில் விட்டுப் போகக் கூடாது என்றுதான் சொல்கின்றன.

ஒட்டுவதைப் பத்து நாள் முன்னாலேயே ஒட்டுங்கள், கதவில் மட்டும் இல்லாமல் பக்கத்து மருந்துக் கடையிலும். அப்புறம், தனியாக இருக்கும் பெரியவர்களின் பிள்ளைகள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்கள், அவர்களுக்கும் அதே நோட்டீஸை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள், ராத்திரி ஆச்சி முதலில் கூப்பிடப் போவது அவர்களைத்தான்.