தீபாவளியைச் சுற்றி வகுத்த மூன்று மாதம்

கேள்வி: சேர், நான் தோட்டத்தில் வீட்டிலேயே சாரி பிளவுஸ் தைக்கிறேன். ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை 90,000 ரூபா கையில் நிற்க வேண்டும் என்று இலக்கு எழுதி, மாதம் 30,000 என்று பிரித்திருக்கிறேன். போன தடவையும் இப்படித்தான் பிரித்தேன், இரண்டாவது கிழமையே விட்டுப்போயிற்று. எப்படிப் பிரிப்பது?

பதில்: முதலில் ரூபாவை உருப்படியாக மாற்றுங்கள். ஒரு பிளவுஸுக்குக் கூலி 1,200, லைனிங், நூல், கொக்கி, கரண்ட் எல்லாம் 300 என்று வைத்தால் 900 மிஞ்சும். அப்படியானால் உங்கள் இலக்கு 100 பிளவுஸ். உங்கள் கணக்கு வேறாக இருந்தால் அதைப் போட்டுக்கொள்ளுங்கள்.

இந்த நூறை மூன்றால் வகுக்க வேண்டாம். கொழுந்து எல்லா மாதமும் ஒரே அளவு வருவதில்லை, உங்களுக்கு வரும் தையலும் அப்படித்தான்.

நீங்கள் எடுத்த மூன்று மாதமே பொருந்தாது என்பது என் கருத்து. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் யாரும் சொல்வதில்லை. காலாண்டு என்றால் ஒக்டோபர் 1 முதல் டிசம்பர் 31 வரை என்பது கம்பனிக் கணக்குக்காக வைத்தது. உங்கள் வாடிக்கையாளர் தோட்டத்துப் பெண்கள், பல தோட்டங்களில் பத்தாம் திகதிதான் சம்பளம். ஆகவே உங்கள் மாதம் 10 முதல் அடுத்த 9 வரை. 2026 தீபாவளி நவம்பர் 8, அதற்கு முன்னால் தோட்டத்து முற்பணம் கைக்கு வந்ததும்தான் துணி வாங்குவார்கள். ஒக்டோபரில் தொடங்கினால் ஆயத்தம் செய்ய நேரமே இருக்காது. செப்டம்பர் 10இல் தொடங்கினால் டிசம்பர் 9 வரை சரியாக 13 கிழமை கிடைக்கிறது. முதல் நான்கு கிழமைக்கு 24 பிளவுஸ், அடுத்த நான்குக்கு 48. நவம்பர் 5 முதல் 11 வரையான ஒன்பதாவது கிழமைக்கு இலக்கே வேண்டாம். மிச்சத்தைக் கொடுத்து முடித்து, பத்தாம் திகதி கடன்காசை வாங்கும் கிழமை அது. கடைசி நான்குக்கு 28. தீபாவளி ஒக்டோபரில் வரும் வருடத்தில் தொடக்கத்தையும் அந்தளவு முன்னுக்குத் தள்ள வேண்டும்.

கிழமைக்கு 12 முடியுமா என்று இப்போதே பாருங்கள். ஒன்றுக்கு இரண்டரை மணித்தியாலம் என்றால் 30 மணித்தியாலம், ஆறு நாளில் நாளுக்கு ஐந்து. முடியாவிட்டால் கொக்கி வைப்பதைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கூலிக்குக் கொடுக்கலாம்.

அப்புறம் கிழமை வேலை. “இந்தக் கிழமை 7,000 சம்பாதிப்பேன்” என்பது வேலையல்ல, அது உங்கள் கையில் இல்லை. “20 பேரிடம் போய்ப் பேசுவேன்” என்பது உங்கள் கையில் இருக்கிறது. முதல் கிழமையில் பத்துப் பேரிடம் பேசி மூன்று பேர் துணி தந்தால், ஆறு பிளவுஸுக்கு இருபது பேரிடம் பேச வேண்டும். கொப்பியில் கிழமைதோறும் மூன்றே எண்களை எழுதுங்கள்: பேசிய ஆட்கள், வந்த துணி, கொடுத்துக் காசு வாங்கிய பிளவுஸ். இலக்குக் கணக்கில் சேருவது மூன்றாவது மட்டும்தான். பேசியும் துணி வராவிட்டால் கூலியையோ கொடுக்கும் நாளையோ பார்க்க வேண்டும். துணி வந்தும் முடியாவிட்டால் மெஷினில் உட்காரும் நேரம் போதவில்லை. முடிந்தும் காசு வராவிட்டால் கடன் கொடுப்பது கூடிவிட்டது. ஒரு கிழமை தவறினால் குறையை அடுத்த கிழமைமேல் ஏற்ற வேண்டாம், போன தடவை நீங்கள் விட்டதற்கு அதுதான் காரணமாக இருந்திருக்கும். இரண்டு கிழமை தொடர்ந்து குறைந்தால்தான் கிழமை வேலையை மாற்றுங்கள்.

இனி நான் கட்டாயம் சொல்ல வேண்டியது. இலக்கு எழுதியிருக்கிறீர்கள் என்று தெரிந்தால் நுண்கடன்காரர் வீட்டுக்கே வருவார். “புது மெஷின் எடுங்க, கிழமைக்குக் கொஞ்சம் கட்டினால் போதும்” என்பார். கையொப்பம் வைத்த அன்றே உங்கள் கிழமை இலக்கு தவணைக்காசாக மாறிவிடும். துணி வராத கிழமையிலும் அதைக் கட்ட வேண்டும், அதற்கு இன்னொரு கடன் எடுத்த பெண்களை மலையகத்தில் எத்தனையோ பேர் பார்த்திருக்கிறோம். 12 பிளவுஸை இருக்கிற மெஷினே தைக்கும். தரகர் ஒருவர் தீபாவளிக்கு முன்னால் “மொத்த ஓடர் தருகிறேன், காசு பிறகு” என்று வந்தாலும் முற்பணமில்லாமல் ஒரு துண்டும் வெட்டாதீர்கள்.

காசு வாங்கி இலக்கு வகுப்பு நடத்துகிறவர்களும் இருக்கிறார்கள். சில பயிற்சித் திட்டங்களிலோ ஆங்கிலத்தில் அச்சடித்த படிவம், எல்லோருக்கும் ஒரே மூன்று கட்டம். சம்பள நாளுக்கு அதில் இடமில்லை, தீபாவளிக்கு இடமில்லை. தைக்கிற பெண்ணிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அதைத் தமிழில் அடித்துத்தர இவ்வளவு காலமா வேண்டும்? நிரப்பச் சொன்னால் நிரப்பிக் கொடுத்துவிடுங்கள், கணக்கைக் கொப்பியில் வையுங்கள்.

தீபாவளித் துணி வாங்குவதை ஒக்டோபர் 29உடன் நிறுத்திவிடுங்கள். அதற்குப் பிறகு வருகிறவருக்கு நவம்பர் 12 என்று நாள் சொல்லி, கொப்பியில் கடைசி நான்கு கிழமைக் கணக்கில் எழுதிக்கொள்ளலாம்.